348 பீஸ் குறைவு என்று பையர் எழுதியிருக்கிறார்: எண்ணிக்கைப் பதிவையும் புகைப்படங்களையும் எப்படிக் கேட்பது?

நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். நெதர்லாந்தில் உள்ள ஒரு பையருக்கு ஆண்கள் டி-ஷர்ட் 11,148 பீஸ் அனுப்பினோம். மொத்தம் 300 கார்ட்டன். எங்கள் கம்பெனியிலேயே 20 அடி கன்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்து, தூத்துக்குடியிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போனது. சரக்கு அவர்கள் கிடங்குக்குச் சேர்ந்து மூன்று வாரத்துக்குப் பிறகு, 348 பீஸ் குறைவாக வந்துள்ளது, அதற்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறோம் என்று இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பீஸ் ஒன்றுக்கு 3.20 டாலர் என்பதால் கழிவு 1,113.60 டாலர் ஆகிறது. எந்தக் கார்ட்டனில் குறைந்தது, யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. படமும் இல்லை.

முதலாளி இரண்டு மனதாக இருக்கிறார். அடுத்த சீசனுக்கான ஆர்டர் பேச்சில் இருப்பதால் ஒப்புக்கொண்டு விடலாம் என்று ஒரு நேரமும், ஒரு பீஸ் கூடக் குறையவில்லை என்று கடுமையாக எழுதலாம் என்று மறுநேரமும் சொல்கிறார். உறவு கெடாமல், அதே சமயம் ஆதாரத்தைக் கேட்டு எழுதுவது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேர்வழி

நண்பரே, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சரக்கு கையில் கிடைத்த 3 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால் குறைவு பற்றிய கோரிக்கை செல்லாது என்பது கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தின் விதி. அவர் மூன்று வாரம் கழித்து எழுதியிருக்கிறார். காலம் கடந்துவிட்டது, எனவே ஏற்க முடியாது என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடுங்கள். பதிவு, படம் என்று கேட்கத் தொடங்கினால் கோரிக்கையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

கப்பல்கணக்கு

நேர்வழி சொல்லும் 3 நாள் என்ற கணக்கு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது சரக்கைப் பெறுபவருக்கும் கப்பல் கம்பெனிக்கும் இடையே உள்ளது. வெளியே தெரியாத சேதமோ குறைவோ இருந்தால், பெறுபவர் அந்த 3 நாளுக்குள் கப்பல் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அங்கேயும் அறிவிக்காததால் உரிமை அற்றுப்போவதில்லை. சரக்கு ஒழுங்காகச் சேர்ந்தது என்று முதல்நோக்கில் கொள்ளப்படும், அவ்வளவுதான். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே அதைக் காட்டி எழுதினால், விவரம் தெரிந்த பையர் அதை வைத்தே உங்கள் கடிதத்தை ஒதுக்கிவிடுவார். உங்கள் ஆர்டர் ஒப்பந்தத்தில் குறைவைத் தெரிவிக்க எத்தனை நாள் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் காலத்தைப் பற்றிப் பேசாமல் பொருளைப் பற்றிப் பேசுவதே நல்லது.

நொய்யல்கரை, பதில் எழுதுவதற்கு முன் இரண்டு விவரம் தேவை. பேக்கிங் லிஸ்டில் கார்ட்டன் வாரியாக எத்தனை பீஸ் என்று பிரித்துச் சொல்லுங்கள். எல்லாக் கார்ட்டனிலும் ஒரே எண்ணிக்கையா? கட்டிங்கிலிருந்து ஏற்றுமதி வரை உங்கள் கணக்கு பொருந்துகிறதா?

நொய்யல்கரை

நன்றி ஐயா. 1 முதல் 271 வரையுள்ள கார்ட்டன்களில் எம், எல், எக்ஸ்எல் சைஸ்கள், கார்ட்டனுக்கு 36 பீஸ். 272 முதல் 300 வரை எஸ் சைஸ் மட்டும். துணி சிறியது என்பதால் அதே கார்ட்டனில் 48 பீஸ் வைத்தோம். பையரின் ஒப்புதல் பெற்றுத்தான் வைத்தோம்.

வெட்டியது 11,420. தையலிலும் செக்கிங்கிலும் கழிந்தது 204. ஏற்றியது 11,148. இப்போது ஸ்டோரில் மிச்சம் 68. கணக்கு நேராக இருக்கிறது.

கப்பல்கணக்கு

அப்படியானால் 348 என்ற எண்ணைக் கவனியுங்கள். அது 36-ஆலும் வகுபடவில்லை, 48-ஆலும் வகுபடவில்லை. எனவே ஒரே வகைக் கார்ட்டன்கள் மட்டும் முழுதாகக் காணாமல் போன கதை அல்ல. 272 முதல் 300 வரை 29 கார்ட்டன். ஒவ்வொன்றிலும் 48-க்கும் 36-க்கும் உள்ள வேறுபாடு 12. 29 பெருக்கல் 12, சரியாக 348. அதாவது 300 கார்ட்டனையும் 36-ஆல் பெருக்கினால் 10,800 வரும். உங்கள் இன்வாய்ஸிலிருந்து அதைக் கழித்தால் அவர் சொல்லும் எண் அப்படியே கிடைக்கிறது. யாரும் கார்ட்டனைத் திறக்காமல், கணினியில் ஒரு கார்ட்டனுக்கு 36 என்று பதிந்திருந்ததை வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள் என்பதே என் வலுவான ஊகம்.

ஊகம் என்றுதான் சொல்கிறேன். எஸ் கார்ட்டன்களில் உண்மையாகவே 36 பீஸ் தான் இருந்தது என்று அவர் சொன்னாலும் இதே எண் வரும். இந்த இரண்டில் எது என்று பிரித்துக் காட்டுவது அவருடைய எண்ணிக்கைப் பதிவு ஒன்றே. புகைப்படத்தை மட்டும் கேட்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இல்லாத பீஸைப் படம் எடுக்க முடியாது. பாதி காலியான கார்ட்டனின் படம் அது எப்போது, யாரால் காலியானது என்று சொல்லாது. கார்ட்டன் எண், சைஸ், லேபிளில் உள்ள எண்ணிக்கை, எண்ணிக் கண்ட எண்ணிக்கை, மொத்த எடை, எண்ணிய நாள், எண்ணியவர் பெயர் என்று வரிவரியாகப் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவின் கார்ட்டன் எண்ணும் படத்தில் தெரியும் கார்ட்டன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் படத்துக்கு மதிப்பு.

மதுரைக்கடை

எனக்கும் இதே பிரச்சினைதான். மொத்த வியாபாரி அனுப்பிய பெட்டியில் எப்போதும் ஒன்றிரண்டு குறைகிறது. நீங்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே கைபேசியில் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எவ்வளவு சொன்னாலும் அனுப்பியவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நொய்யல்கரை

ஐயா, நாங்கள் அனுப்பிய தரப்பு. பெட்டியைப் பிரித்தவர் பையர். ஆனாலும் நீங்கள் சொல்வது பெறுபவர் தரப்பில் நியாயமான முறை. அவரும் அப்படிச் செய்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கரூர்த்தறி

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். கரூரிலிருந்து மேசை விரிப்புகள் அனுப்பினோம். தனிக் கன்டெய்னர் அல்ல, பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றியது. 7 கார்ட்டன் குறைவு என்றார்கள். பார்வர்டரிடம் கேட்டுச் சேருமிடக் கிடங்கில் கன்டெய்னரைப் பிரித்தபோது எழுதிய டேலி ஷீட்டை வாங்கினோம். அதில் எங்கள் கார்ட்டன் முழுவதும் இறங்கியதாகக் கையெழுத்து இருந்தது. அதற்குப் பிறகு லாரியில் ஏற்றிய இடத்தில் வேறொருவர் சரக்கோடு போய்விட்டது தெரிந்தது. எனவே நீங்களும் பார்வர்டரிடம் முதலில் கேளுங்கள்.

கப்பல்கணக்கு

கரூர்த்தறி, உங்களுடையது முழுக் கார்ட்டன் காணாமல் போன விஷயம்; அதற்குப் பார்வர்டரின் டேலி ஷீட் சரியான ஆதாரம். இங்கே கார்ட்டன் எண்ணிக்கையில் சர்ச்சை இருப்பதாகத் தெரியவில்லை. சர்ச்சை இருந்தாலும் தனிக் கன்டெய்னர் என்பதால் வழியில் யாரும் கார்ட்டனை எண்ணியிருக்க மாட்டார்கள். பில் ஆஃப் லேடிங்கில், ஏற்றியதும் எண்ணியதும் அனுப்புநரே என்ற வாசகம் இருக்கும்; கப்பல் கம்பெனி உள்ளே இருந்த எண்ணிக்கைக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே நமக்கு வேண்டியது சீல் எண் மட்டும். பில் ஆஃப் லேடிங்கில் உள்ள சீல் எண்ணோடு கிடங்கு வாசலில் வெட்டிய சீலின் எண் பொருந்தினால், வழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று ஆகும். பொருந்தாவிட்டால் சுங்கத்துறை சோதனைக்காகத் திறந்து வேறு சீல் போட்டிருக்கலாம். அதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

சரக்கறை

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். நெதர்லாந்தில் ஒரு ஆடைக் கிடங்கில் சரக்கு பெறும் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறேன். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேட்பதை அதற்கேற்றபடி கேட்க உதவும்.

கன்டெய்னர் வந்தால் நாங்கள் கார்ட்டனை ஸ்கேன் செய்து பலகைத் தட்டுகளில் அடுக்குவோம். ஒவ்வொரு கார்ட்டனையும் பிரித்து எண்ணும் நேரமும் ஆட்களும் எவரிடமும் இல்லை. சில கார்ட்டன்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கார்ட்டனுக்கு எத்தனை பீஸ் என்பது ஆர்டர் பதியும்போதே கணினியில் ஏற்றப்பட்டிருக்கும். ஒரு ஆர்டருக்கு ஒரே எண் என்று பதிந்துவிடுவது நடக்கிற காரியம்தான். பிறகு கணக்குப் பிரிவு இன்வாய்ஸோடு ஒப்பிட்டுக் குறைவு என்று எழுதிவிடும். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். எழுதியவர் சரக்கை நேரில் கண்டிருக்கவே மாட்டார்.

இன்னொன்று. ஸ்டாக் அடுக்கில் ஏறிய பிறகு கார்ட்டன்களைப் பிரித்துக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தாமதிக்காமல், எஸ் கார்ட்டன்களில் இன்னும் பிரிக்காதவை எத்தனை இருக்கின்றன, அவற்றைத் தொடாமல் வையுங்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். 300 கார்ட்டனுக்கும் படம் கேட்டால் உங்கள் கடிதம் அப்படியே கிடப்பில் போகும்.

நொய்யல்கரை

மிக்க நன்றி. அப்படியானால், நீங்கள் 36-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள், சரிபாருங்கள் என்று நேராகவே எழுதிவிடலாமா?

சரக்கறை

எழுதுங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும்.

கப்பல்கணக்கு

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. காரணத்தை நாமே சொல்லிவிட்டால், அவர் அதை ஏற்றுக்கொள்வார் அல்லது எங்கள் கணினி சரியாகத்தான் இருக்கிறது என்று மறுப்பார். மறுத்தால், எண்ணிக்கைப் பதிவு என்ற கேள்வி மறைந்து, கணினியைப் பற்றிய வாதமாக அது மாறிவிடும். 348 என்ற எண் எப்படி வந்தது, திறந்து எண்ணியதா அல்லது கார்ட்டன் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டதா என்று கேட்டாலே போதும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது அவரே கண்டுபிடிப்பார். அவர் ஆட்கள் கண்டுபிடித்த பிழையை அவர் எளிதில் திருத்துவார்.

கடிதத்தின் பொருள் இப்படி அமையலாம். பையருக்கு அனுப்பும் ஆங்கிலத்தில் உங்கள் நடைக்கு ஏற்ப ஆக்கிக்கொள்ளுங்கள்.

> தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. 348 பீஸ் குறைவு என்பதை நாங்கள் உரிய கவனத்துடன் எடுத்துக்கொண்டு, எங்கள் பேக்கிங் பதிவுகளைச் சரிபார்த்து வருகிறோம். தாங்கள் தெரிவித்த எண்ணிக்கையை எங்கள் பதிவோடு ஒப்பிட இயலும்படி, பின்வருவனவற்றை அனுப்பி உதவக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> கன்டெய்னர் இறக்கிய நாளன்று எழுதப்பட்ட வரவுப் பதிவு, அதில் கார்ட்டன் எண்ணிக்கையும் வெட்டப்பட்ட சீலின் எண்ணும் தெரியும்படி. இந்த எண்ணிக்கை கார்ட்டன்களைத் திறந்து எண்ணியதா, கார்ட்டன் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டதா என்ற விவரம். திறந்து எண்ணியிருந்தால், கார்ட்டன் எண் வாரியான எண்ணிக்கைத் தாள். குறைவு காணப்பட்ட கார்ட்டன்களின் படங்கள்: திறப்பதற்கு முன் மேல், கீழ் டேப்பும் கார்ட்டன் எண்ணும் தெரியும்படி, எடைமேடையில் வைத்து எடை தெரியும்படி, திறந்தவுடன், எதையும் எடுக்காமல்.
>
> இன்னும் பிரிக்கப்படாத 272 முதல் 300 வரையுள்ள கார்ட்டன்களை, இந்த ஒப்பீடு முடியும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டுகிறோம். குறைவு எங்கள் பக்கம் நேர்ந்தது என்று தெரிந்தால் அதற்குரிய கிரெடிட் நோட்டை உடனே அனுப்புவோம். எங்கள் வங்கி, இன்வாய்ஸைவிடக் குறைவாக வரும் தொகைக்கு ஆதார ஆவணம் கேட்கும் என்பதால், பதிவுகள் கிடைக்கும் வரை கழிவை நிறுத்திவைத்து, சர்ச்சையில்லாத தொகையைக் குறித்த நாளில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. ஷிப்பிங் பில்லில் காட்டிய மதிப்பைவிடக் குறைவாகப் பணம் வந்தால், அந்தப் பதிவை முடித்துவைக்க வங்கி விளக்கம் கேட்கும். குறைந்த தொகைக்கு ஏற்ற டிராபேக் போன்ற சலுகைகளைத் திருப்பிச் செலுத்த வேண்டிய நிலையும் வரலாம். பையரை நம்பவில்லை என்று சொல்லாமலேயே ஆவணம் கேட்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது, ஏனென்றால் அது முழுக்க உண்மை.

நேர்வழி

3 நாள் விஷயத்தில் நான் கலந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எடையை ஏன் கேட்க வேண்டும்? நம் பேக்கிங் லிஸ்டில் உள்ள எடையை வைத்தே 12 பீஸ் குறையவில்லை என்று நிரூபித்துவிடலாமே?

கப்பல்கணக்கு

பேக்கிங் லிஸ்டில் உள்ள எடை பெரும்பாலும் ஒரு கார்ட்டனை எடைபோட்டு மற்றவற்றுக்கும் அதையே எழுதியது. அதை நிரூபணமாக நீட்டாதீர்கள். கார்ட்டன் வாரியாக எடைபோட்ட தாள் உங்கள் பேக்கிங் பிரிவில் இருந்தால் அது வேறு.

எடை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதிலும் ஓர் எல்லை இருக்கிறது. எஸ் சைஸ் டி-ஷர்ட் ஒன்று பாலி பையோடு ஏறக்குறைய 140 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பீஸ் இல்லையென்றால் 1.7 கிலோ குறையும். 8 கிலோவுக்குள் உள்ள கார்ட்டனில் அது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. ஆனால் ஒன்றிரண்டு பீஸ் குறைவதை எடை காட்டாது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை வாங்கியும் விட்டும் எடை மாறும், அட்டையும் அப்படியே. துணியின் ஜி.எஸ்.எம். வேறுபாடும் சேர்ந்தால், சரியாக 48 பீஸ் உள்ள இரண்டு கார்ட்டன்களுக்கு இடையிலேயே 200, 300 கிராம் வேறுபாடு வரும்.

நொய்யல்கரை

பேக்கிங் பிரிவில் விசாரித்தேன். எஸ் கார்ட்டன்களைத் தனித்தனியே எடைபோட்ட தாள் இருக்கிறது, எல்லாம் 7.6 முதல் 7.9 கிலோவுக்குள். கடிதத்தை ஐயா சொன்ன வடிவிலேயே அனுப்பிவிட்டேன். எடைத் தாளை இப்போது இணைக்கவில்லை.

கரூர்த்தறி

இணைக்காதது நல்லது. அவர் பதிவு வந்த பிறகு காட்டுங்கள். முதலிலேயே கொடுத்துவிட்டால் அதற்கேற்ப எண்ணை எழுதிக்கொள்ளவும் வழி உண்டு.

சரக்கறை

அப்படிச் சந்தேகப்பட்டே தொடங்கினால் பேச்சு முன்னே போகாது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு தரப்பும் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிடுவதுதான் சரியான முறை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். எடுத்த நாள், நேர விவரம் அதில் போய்விடும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் கேளுங்கள்.

நொய்யல்கரை

அடுத்த வாரமாகிவிட்டது, பதில் வந்திருக்கிறது. கணினியிலிருந்து எடுத்த வரவுப் பதிவை அனுப்பியிருக்கிறார்கள். 300 கார்ட்டனும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 36 என்றே இருக்கிறது. எவரும் திறந்து எண்ணவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் கடிதத்துக்குப் பிறகு பிரிக்காமல் மீதமிருந்த 12 எஸ் கார்ட்டன்களைத் திறந்து எண்ணியிருக்கிறார்கள். 11 கார்ட்டன்களில் 48 சரியாக இருக்கிறது. 283-ஆம் எண் கார்ட்டனில் மட்டும் 46.

348 என்ற கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் 12 கார்ட்டனில் 2 பீஸ் குறைந்தால் 29 கார்ட்டனுக்கு 5 பீஸ் வரும், அதற்கு 16 டாலர் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். முதலாளி விட்டுவிடச் சொல்கிறார். 283-இன் படத்தில் ஒன்று கண்ணில் பட்டது: மேல் பக்கம் எங்கள் பெயர் அச்சிட்ட டேப்பின் மேல் வெறும் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. நாங்கள் பழுப்பு டேப் பயன்படுத்துவதே இல்லை.

கப்பல்கணக்கு

நம் எடைத் தாளில் 283 எவ்வளவு?

நொய்யல்கரை

7.8 கிலோ. அவர்கள் படத்தில் 7.5.

கப்பல்கணக்கு

2 பீஸின் எடை 280 கிராம். அது பொருந்துகிறது, ஆனால் முன்பு சொன்னபடி, ஈரத்தால் வரும் வேறுபாட்டுக்குள்ளும் அடங்கிவிடுகிறது. எடையை வைத்து இங்கே வாதாட வேண்டாம். டேப் தான் கேட்க வேண்டியது. அவர்கள் மாதிரி எடுக்கத் திறந்து மீண்டும் ஒட்டினார்களா, சுங்கச் சோதனையில் திறந்ததா என்று ஒரு வரியில் கேளுங்கள். சீல் எண்ணுக்குப் பதில் வந்ததா?

நொய்யல்கரை

சீல் எண் பதிவில் இல்லை. லாரி டெலிவரி நோட்டில் இருக்கும், தேடி அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள்.

சரக்கறை

தரச் சோதனைப் பிரிவு இரண்டு பீஸ் எடுத்து அளவு பார்ப்பது வழக்கம். எடுத்த பீஸ் அவர்கள் மேசையிலேயே இருந்துவிடும். ஸ்டாக்கில் திரும்பச் சேராது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

நேர்வழி

16 டாலருக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று தோன்றுகிறது. முதலாளி சொல்வதுதான் சரி.

கப்பல்கணக்கு

தொகைக்காக நான் சொல்லவில்லை. மாதிரியைப் பெருக்கி முழுச் சரக்குக்கும் கழிக்கலாம் என்பதை ஒரு முறை எழுத்தில் ஏற்றுக்கொண்டால், அடுத்த 30,000 பீஸ் ஆர்டரிலும் அதே முறையைத்தான் அவர்கள் கணக்குப் பிரிவு பின்பற்றும். 283-இல் எண்ணிக் கண்ட 2 பீஸுக்கு மட்டும், டேப் பற்றிய விளக்கத்துக்கு உட்பட்டு, 6.40 டாலருக்குக் கிரெடிட் நோட் தருகிறோம். எண்ணப்படாத கார்ட்டன்களுக்கு இது பொருந்தாது என்று எழுதுங்கள். அடுத்த ஆர்டரில் எஸ் சைஸுக்கு 48 என்று அவர்கள் கணினியில் தனியாகப் பதியும்படி, பேக்கிங் லிஸ்டோடு ஒரு குறிப்பும் அனுப்புங்கள்.

சரக்கறை

மீதி 17 கார்ட்டன் ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டதால், அவற்றில் எவ்வளவு இருந்தது என்று இனி இரண்டு தரப்பாலும் சொல்ல முடியாது. அந்த நிலையில் 5 பீஸை விட்டுக்கொடுப்பதை நான் தவறாக நினைக்க மாட்டேன். இதில் ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை.

நொய்யல்கரை

முதலாளியிடம் இரண்டு கருத்தையும் சொல்லியிருக்கிறேன். டேப் பற்றியும் தரச் சோதனைக்கு எடுத்த பீஸ் பற்றியும் கேட்டு இன்று மாலை மின்னஞ்சல் போகிறது. டெலிவரி நோட் வந்ததும் சீல் எண் பொருந்துகிறதா என்று இங்கே எழுதுகிறேன்.